கேனுலாவா, சிம்பிள் மாஸ்க்கா, பை வைத்த மாஸ்க்கா? ஃப்ளோமீட்டரைத் திருப்பும் முன்

சென்னையில் மழை பிடித்துவிட்டால் கேஷுவாலிட்டிக்கு நிமோனியா கேஸ்கள் வந்தபடியே இருக்கும். வியாசர்பாடியிலிருந்து 60 வயதுப் பெரியவர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளாகக் காய்ச்சலும் இருமலும். ரத்தத்தில் ஆக்சிஜன் சாச்சுரேஷன் 90, மூச்சு நிமிடத்துக்கு 24. பேச்சு தடையில்லாமல் வருகிறது.

ஆக்சிஜன் கொடுக்க முதலில் மூக்கில் வைக்கும் கேனுலா. 2 லிட்டரில் தொடங்குங்கள். ஃப்ளோமீட்டரில் பந்தின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. நமக்கு வேண்டிய சாச்சுரேஷன் 94 முதல் 98 வரை. சில நிமிடம் பார்த்து, எட்டவில்லை என்றால் 4 லிட்டருக்கு ஏற்றலாம். 6 லிட்டர்தான் எல்லை. அதற்கு மேல் போனால் மூக்கு காய்ந்து எரியும், பலனும் பெரிதாகக் கூடாது.

பழைய பீடிப் பழக்கம், சிஓபிடி என்று வீட்டார் சொன்னால் குறி 88 முதல் 92 வரைதான். 1 அல்லது 2 லிட்டரில் தொடங்கி, டியூட்டி டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். ஏபிஜி பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து சிம்பிள் மாஸ்க். 6 லிட்டர் கேனுலாவிலும் 91-லேயே நிற்கிறதா? வாயால் மூச்சு விடுகிறாரா? அப்போது மாஸ்க். 5 முதல் 10 லிட்டர் வரை வைக்கலாம். 5-க்குக் கீழே மட்டும் இறக்கவே கூடாது. அவர் வெளியே விட்ட காற்று மாஸ்க்குக்குள் தங்கி, அதையே திரும்ப இழுப்பார். கார்பன் டை ஆக்சைடு ஏறும். "தேறிட்டார், 3-ல வைம்மா" என்று யாராவது சொன்னால் ஃப்ளோவைக் குறைப்பதோடு நிற்காதீர்கள். மாஸ்க்கைக் கழற்றிக் கேனுலாவுக்கு மாற்றுங்கள்.

பை வைத்த நான்-ரீப்ரீதர். சாயங்காலம் பெரியவருக்குச் சாச்சுரேஷன் 82, மூச்சு 34, இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை. இங்கே படிப்படியாக ஏற நேரமில்லை, நேராக இதற்குப் போக வேண்டும். மூச்சு வாங்குகிறவர் ஒவ்வொரு இழுப்பிலும் அறைக்காற்றையும் சேர்த்து நிறைய இழுப்பதால், கேனுலாவில் வரும் ஆக்சிஜன் நீர்த்துப் போகிறது. பையில் சேர்ந்திருக்கும் ஆக்சிஜன் அந்தக் குறையை ஈடுகட்டும்.

15 லிட்டரில் திறந்து, பைக்கு மேலுள்ள வால்வை விரலால் அடைத்துப் பிடியுங்கள். பை முழுக்க உப்பிய பிறகே முகத்தில் வையுங்கள். புதிதாக வருகிறவர்கள் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான். மூச்சு இழுக்கும்போது பை லேசாகச் சுருங்கி மறுபடி நிறைந்தால் சரி. முழுக்க ஒட்டிப்போனால் ஃப்ளோ போதவில்லை, அல்லது டியூப் எங்கோ மடங்கியிருக்கிறது. அசையவே இல்லை என்றால் மாஸ்க் ஓரத்தில் காற்று கசிகிறதா, வால்வு ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள். இந்த மாஸ்க்கை 10 லிட்டருக்குக் கீழே ஓட்டக்கூடாது.

15 லிட்டரிலும் 90 தாண்டவில்லை, அல்லது ஆள் மயக்கமாகிறார் என்றால் மாஸ்க்கை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். டாக்டரைக் கூப்பிடுங்கள், ஹை ஃப்ளோவோ பைபேப்போ டியூப் போடுவதோ அவர் முடிவு செய்வார்.