எச்சங்களை நிரல்களோடு பெருக்கிப் பாருங்கள்

பன்மைத் தொடர்புப்போக்கில் குணகங்களைக் கையால் கண்டுபிடித்தால், விடை சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. நான்கு பதிவுகள், இரண்டு சாரா மாறிகள் என்று வைத்துக்கொள்வோம்:

```
x1 = 0, 1, 0, 1
x2 = 0, 0, 1, 1
y  = 1, 3, 4, 8
```

வடிவமைப்பு அணி X-இன் முதல் நிரல் முழுவதும் 1. பலரும் மறப்பது இதைத்தான். அடுத்த நிரல்கள் x1, x2. இயல்நிலைச் சமன்பாடுகள் `XᵀXb = Xᵀy` இப்படி விரியும்:

```
4b0 + 2b1 + 2b2 = 16
2b0 + 2b1 +  b2 = 11
2b0 +  b1 + 2b2 = 12
```

தீர்வு: b0 = 0.5, b1 = 3, b2 = 4. ஒவ்வொரு பதிவுக்கும் y-இன் மதிப்பீடு b0 + b1·x1 + b2·x2. அதாவது x2 மாறாதிருக்க, x1 ஓர் அலகு கூடினால் மதிப்பீடு 3 கூடும்.

இனி y-இலிருந்து மதிப்பீட்டைக் கழித்தால் எச்சங்கள் 0.5, −0.5, −0.5, 0.5. ஒவ்வொரு நிரலோடும் பெருக்கிக் கூட்டுங்கள். மூன்றிலும் பூச்சியம் வரவேண்டும். அந்தச் சமன்பாடுகள் சொல்வதே இதுதான். வராவிட்டால் கணக்கில் பிழை.

ஆனால் பூச்சியம் வந்ததால் மாதிரியே சரி என்று நம்பிவிடாதீர்கள். இங்கே x1, x2 சமமாக உள்ள இடங்களில் எச்சம் கூட்டல், மாறுபடும் இடங்களில் கழித்தல். x1·x2 என்ற நிரலோடு பெருக்கினால் 0.5 மிஞ்சுகிறது. அணியில் இல்லாத நிரலைச் சமன்பாடுகள் கவனிப்பதில்லை. அதைச் சேர்த்தால் நான்கு எச்சங்களும் பூச்சியமாகிவிடும்; நான்கு பதிவுக்கு நான்கு குணகம் என்பதால் அதில் வியப்பில்லை, கூடுதல் பதிவுகள் இருந்தால்தான் அந்த நிரல் தேவையா என்று தெரியும்.