கியோஸ்க்கில் பணம் போட்டாச்சு, வாலட்டில் பிட்காயின் வரவில்லை: அந்த நேரத்தில் செய்யக்கூடாதவை

டொராண்டோ போன்ற கனடா நகரங்களில் தெருமுனைக் கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் பிட்காயின் ஏடிஎம்களைப் பார்க்கலாம். வாலட்டின் க்யூஆர் கோடைக் காட்டி, டாலர் நோட்டுகளைப் போட்டால் இயந்திரம் ரசீது தரும். பிட்காயின் வாலட்டுக்கு வந்துவிடும். வராதபோதுதான் சிக்கல். பலரும் முதலில் செய்வது, "இயந்திரம் சரியாகப் படிக்கவில்லை போல" என்று இன்னொரு முறை பணம் போடுவது. அதைச் செய்யாதீர்கள். முதல் பணம் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் இரண்டாவதைப் போட்டால் தேட வேண்டியவை இரண்டாகிவிடும்.

பணம் இரண்டு இடங்களில் நிற்கலாம். கியோஸ்க்கை நடத்தும் நிறுவனம் பிட்காயினை இன்னும் அனுப்பாமல் இருக்கலாம். அல்லது அது அனுப்பிவிட்டு, பிட்காயின் வலையமைப்பிலோ உங்கள் வாலட்டிலோ தாமதமாகலாம். எந்தப் பக்கம் என்று தெரியாமல் யாரையும் அழைத்துப் பயனில்லை. அதைக் கண்டுபிடிக்க ரசீது போதும். ஆனால் அது வெப்பத் தாள். பர்ஸில் வைத்தால் எழுத்து மங்கும், காருக்குள் வெயிலில் கிடந்தால் கறுத்துவிடும். கையில் வாங்கியதுமே தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு, ரசீதில் இருக்கும் தவறான எண்ணைத் தேடுவது. 'Session ID', 'Reference' என்ற பெயரில் அச்சாகும் சிறிய எண் அந்த நிறுவனத்தின் உள் கணக்குக்கானது. பிளாக்செயினில் அதைத் தேடினால் எதுவும் வராது. உடனே "ஏமாற்றிவிட்டார்கள்" என்று பதறுவார்கள். பிளாக்செயினில் தேட வேண்டிய பரிவர்த்தனை எண் (ரசீதில் 'TXID' அல்லது 'Hash' என்று இருக்கலாம்) 64 எழுத்துகள் நீளமானது. அதில் 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும் a முதல் f வரையிலான எழுத்துகளும் மட்டுமே இருக்கும். பல ரசீதுகளில் அது அச்சாவதே இல்லை. பணம் வாங்கும் நேரத்தில் பரிவர்த்தனை உருவாகியிருக்காது என்பது ஒரு காரணம்.

அதனால் தேடலை பெறுநர் முகவரியிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. ரசீதில் bc1 என்றோ, 3 அல்லது 1 என்றோ தொடங்கும் நீளமான சரம் அது. அதை வாலட்டுடன் ஒப்பிடும்போதும் ஒரு குழப்பம் வரும். பெரும்பாலான வாலட்டுகள் ஒவ்வொரு முறையும் புதிய முகவரியைக் காட்டும். இன்று 'Receive' பக்கத்தில் தெரியும் முகவரி ரசீதில் உள்ளதோடு ஒத்துப்போகாமல் இருப்பது இயல்பு. வாலட்டின் முகவரிப் பட்டியலைத் திறந்து, பழையவற்றில் தேடுங்கள். எலெக்ட்ரம் என்றால் 'Addresses' பகுதி. முதல் சில எழுத்துகளை மட்டும் பார்க்காமல் கடைசி எழுத்துகளையும் சரிபாருங்கள்.

அப்புறம் பிட்காயின் பரிவர்த்தனைகளை எல்லோருக்கும் காட்டும் mempool.space போன்ற ஒரு தளத்தின் பெயரை நீங்களே உலாவியில் தட்டி, முகவரியைத் தேடல் பெட்டியில் இடுங்கள். வாங்கியது லைட்காயின் என்றால் அதற்கான தளத்தில் தேட வேண்டும். பிட்காயின் தளத்தில் அது தெரியாது.

ஒரு கற்பனை உதாரணம். மாலை 6 மணிக்கு ஒருவர் 500 கனடிய டாலர் போடுகிறார். ரசீதில் 0.00400000 BTC, விலை ஒரு பிட்காயினுக்கு 125,000 டாலர். 7 மணிக்கும் வாலட்டில் பூஜ்யம். முகவரியைத் தேடினால் ஒரு பரிவர்த்தனை 'Unconfirmed', அதாவது இன்னும் எந்த பிளாக்கிலும் சேரவில்லை, என்று இருக்கிறது. ஆக, நிறுவனம் அனுப்பிவிட்டது. கன்ஃபர்ம் ஆகாத தொகையை அவருடைய வாலட் கணக்கில் காட்டவில்லை, அவ்வளவுதான். பரிவர்த்தனையைத் திறந்தால் வலப்பக்கம் 11 முகவரிகள், மொத்தத் தொகை மிகப் பெரியது. இதுவும் பயப்பட வேண்டியதல்ல. பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பரிவர்த்தனையில் அனுப்பினால் கட்டணம் மிச்சம் என்பதால் நிறுவனங்கள் அப்படிச் செய்வதுண்டு. தன் முகவரிக்கு எதிரே 0.004 இருக்கிறதா என்பதை மட்டும் அவர் பார்த்தால் போதும்.

பரிவர்த்தனையின் அளவைப் பொறுத்துக் கணக்கிடும் வலையமைப்புக் கட்டணம் 2 sat/vB, ஆனால் அப்போது அடுத்த பிளாக்கில் இடம் பிடிக்க 9 தேவைப்படுகிறது. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் வந்தாலும், குறைந்த கட்டணம் கொடுத்தது வரிசையில் பின்னால் நிற்கும். மறுநாள் காலை, குறித்துவைத்த TXID-ஐத் தேடினால் அது இல்லை! பணம் தொலைந்துவிட்டதா? இல்லை. நிறுவனம் கட்டணத்தைக் கூட்டி மறுபடி அனுப்பியிருக்கிறது. அப்படிச் செய்தால் TXID மாறிவிடும். சில தளங்கள் பழையதை 'Replaced' என்று காட்டும், சிலவற்றில் சுவடே இருக்காது. முகவரியைத் தேடினால் புதிய பரிவர்த்தனை கன்ஃபர்ம் ஆகியிருப்பது தெரியும். TXID கையில் இருந்தாலும் முகவரியை விட்டுவிடாதீர்கள் என்பது இதனால்தான்.

இப்போது வாலட்டில் 432 டாலர் என்று காட்டுகிறது. மீதி 68 டாலர் எங்கே? சந்தை விலை 108,000 ஆக இருக்க, கியோஸ்க் 125,000-க்கு விற்றிருக்கிறது. விலைக்குள்ளேயே அவர்களுடைய லாபம் அடங்கியிருக்கிறது. கொள்ளை விலை என்று கோபப்படலாம், ஆனால் பணம் காணாமல் போகவில்லை. ரசீதையும் வாலட்டையும் ஒப்பிடும்போது டாலரை விட்டுவிட்டு BTC அளவை மட்டும் பாருங்கள்.

முகவரியில் எந்தப் பரிவர்த்தனையுமே இல்லை என்றால் பிரச்சினை நிறுவனத்திடம். அடையாளச் சோதனைக்காகவோ, புதிய வாடிக்கையாளர் என்பதற்காகவோ நிறுத்திவைத்திருக்கலாம். கனடாவில் 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் கிரிப்டோ மாற்றினால் அடையாளத்தைச் சரிபார்ப்பது சட்டப்படி கட்டாயம். அதற்குக் கீழேயும் நிறுவனங்கள் கேட்பதுண்டு. கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவர் பெரும்பாலும் இடத்தை மட்டும் வாடகைக்கு விட்டவர். நிறுவனத்துக்கு இயந்திர எண், Session ID, தேதி, நேரம், போட்ட தொகை, பெறுநர் முகவரி ஆகியவற்றை எழுதி அனுப்பி, பரிவர்த்தனை அனுப்பப்பட்டதா, ஆம் என்றால் TXID என்ன என்று கேளுங்கள். முகவரி ஓர் எக்ஸ்சேஞ்ச் கணக்குக்குரியது, பரிவர்த்தனையும் கன்ஃபர்ம் ஆகிவிட்டது என்றால், கேட்க வேண்டியது எக்ஸ்சேஞ்சிடம்.

தொடர்பு எண்ணை இயந்திரத்திலோ ரசீதிலோ இருந்து எடுங்கள், கூகுளில் தேடி எடுக்காதீர்கள். தேடலில் வரும் "வாடிக்கையாளர் சேவை" எண்களில் மோசடிக்காரர்களும் இருக்கிறார்கள். யாராவது வாலட்டையே திறக்கும் 12 அல்லது 24 சொல் சீட் ஃப்ரேஸைக் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பரிவர்த்தனையைத் தேட அது யாருக்கும் தேவையில்லை. ரசீதுப் படத்தை அனுப்பும் முன்னும் ஒரு பார்வை பாருங்கள். வாலட் இல்லாமல் வாங்கியவர்களுக்கு சில இயந்திரங்கள் தாளிலேயே தனிச் சாவியை அச்சிட்டுத் தந்ததுண்டு. அந்தப் படம் யாரிடம் போகிறதோ, பிட்காயின் அவருடையது.

ரசீதில் இருக்கும் முகவரி உங்களுடையதே இல்லை, போனில் ஒருவர் அனுப்பிய க்யூஆர் கோடைத்தான் காட்டினீர்கள் என்றால், இது தாமதமல்ல, மோசடி. உடனே நிறுவனத்தை அழையுங்கள். இன்னும் அனுப்பாமல் இருந்தால் நிறுத்த முடியலாம். கன்ஃபர்ம் ஆகிவிட்டால் திரும்பப் பெற பொத்தான் எதுவும் கிடையாது. அப்படியும் ரசீதையும் TXID-ஐயும் உள்ளூர் காவல் துறையிடமும் கனடிய மோசடித் தடுப்பு மையத்திடமும் (1-888-495-8501) கொடுங்கள். அந்த நாணயம் பிறகு ஓர் எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்தால் அதை முடக்கக் கோர அவர்களால் முடியும். முன்பணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறேன் என்று வரும் தனியாரால் முடியாது.