அரிக்கமேட்டுக் கடல் வணிகம்: வரியிலும் கடனிலும் வரும் தவறுகள்

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டைப் பற்றிய கட்டுரைகளில், "இந்தத் துறைமுகத்தில் 25 சதவீத வரி வாங்கினார்கள்" என்ற வரி அடிக்கடி வந்துவிடுகிறது. அப்படி எழுதாதீர்கள். அந்தக் கால் பங்கு வரி, ரோம அரசு தன் எல்லைக்குள் நுழையும் கிழக்கத்திய சரக்குக்குப் போட்டது. வியன்னாவில் உள்ள 2ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ் தாள் ஒன்று அதைக் காட்டுகிறது. அதிலும் பேசப்படுவது கேரளக் கரையின் முசிறி.

தாளின் ஒரு பக்கம் சரக்குக் கடன் ஒப்பந்தம். கப்பல் எகிப்தின் செங்கடல் கரை சேர்ந்ததும் சரக்கை நம்பகமான ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்து, காவலோடு கொப்டோஸ் ஊருக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து நைல் படகில் அலெக்சாண்டிரியா. அங்கே வரிக் கிடங்கில் வைத்து, கடன் கொடுத்தவர் பெயரிலோ அவர் ஆட்கள் பெயரிலோ முத்திரை போட வேண்டும். சரக்கே ஈடு என்பதால், கிடங்கு வெறும் சேமிப்பிடம் இல்லை. கடன் கொடுத்தவர் சரக்கை நழுவ விடாமல் பிடித்து வைக்கும் இடம். தவணை தவறினால் வழக்கு இல்லாமலே சரக்கை எடுத்து, வரி கட்டி, அன்றைய விலைக்கு விற்றுக் கணக்கை நேர் செய்யலாம். மிச்சமானாலும் குறைந்தாலும் கடன் வாங்கியவர் பாடு.

மறுபக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. கங்கைக் கரை ஜடாமாஞ்சி என்ற மணவேர் 60 பெட்டி, யானைத் தந்தம், தந்தத் துண்டுகள். கடைசியில் 1,154 தாலந்து, 2,852 திராக்மா என்று ஒரு தொகை. தாலந்துக்கு 6,000 திராக்மா, ஆக 69,26,852. பலர் இதிலிருந்து மறுபடியும் கால் பங்கைக் கழிக்கிறார்கள். இதுவே வரி போன முக்கால் பங்கின் மதிப்பு. முழு மதிப்பு சுமார் 92 லட்சம், வரி சுமார் 23 லட்சம்.

நம் கரையில் என்ன வாங்கினார்கள்? பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த சரக்கும் போன சரக்கும் புலி முத்திரை பெற்றன, உல்கு என்ற சுங்கம் வசூலானது. விகிதம் சொல்லவில்லை, நாமும் சொல்ல வேண்டாம்.

அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து கண்ட 45 மீட்டர் நீளச் செங்கல் கட்டடத்தைக் கிடங்கு என்பது அவர் ஊகம். அதில் முத்திரை வைத்தார்கள் என்றெல்லாம் நீட்டக் கூடாது.

ஆம்போரா என்ற ரோமச் சாடியின் ஓடு கிடைத்ததால் ரோமக் கப்பல் இங்கேயே நங்கூரமிட்டது என்பதும் அவசரம். பொடுகே என்ற துறைமுகத்தை (இதை அரிக்கமேடு என்பார்கள்) சொல்லும் பெரிப்ளஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழி நூல், கரையோரமாகவே மேற்குக் கரை வரை போய்வரும் உள்ளூர்க் கலங்களையும், பெரிய மரங்களைச் சேர்த்துக் கட்டிய சங்கரா என்ற கலத்தையும், கங்கைக்குப் போகும் பெருங்கலங்களையும் சேர்த்தே சொல்கிறது. மேற்குக் கரையில் இறக்கிய சாடி இந்தக் கரையோரக் கலம் ஒன்றில் இங்கே வந்திருக்கலாம்.