கன்னத்தோடு கன்னம் வைத்தால் நெருக்கமா?

சென்னையில் ஒரு நாளில் யாருக்கெல்லாம் கைகூப்புகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். சம்பந்தி வீட்டார், அடுக்குமாடிச் சங்கத் தலைவர், கல்யாண மண்டப வாசலில் சந்தனத்தோடு நிற்கும் பெரியவர். கூடவே வளர்ந்த நண்பனுக்கு யாரும் கைகூப்புவதில்லை, கூப்பினால் "என்னடா, கோபமா?" என்று கேட்பான். நமக்குக் கைகூப்பு என்பது மரியாதையான தூரம். தோளில் கை போடுவதும் கட்டிப்பிடிப்பதும்தான் நெருக்கம். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போது இந்தக் கணக்கும் நம்மோடு வருகிறது. அது அதிகம் பிசகும் இடம் பிரான்ஸ். ஆகவே அதையே விரிவாகப் பார்ப்போம்.

பிரெஞ்சுக்காரர்களின் கன்ன முத்தத்தில் முத்தம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. கன்னம் கன்னத்தை லேசாகத் தொடும். உதடு காற்றில் மெல்லிய சத்தம் மட்டும் போடும். உதட்டை எதிரே இருப்பவர் கன்னத்தில் பதிப்பது பாட்டிகளுக்கும் குழந்தைகளுக்கும் உரியது. கை சும்மா கீழே இருக்கலாம், இல்லையென்றால் விரல்நுனி தோளில் படலாம். முதுகைச் சுற்றிப் போகவே கூடாது.

எத்தனை முறை என்பது ஊருக்கு ஊர் மாறும். பாரிஸிலும் லியோனிலும் 2, மோன்பெலியே பக்கம் 3, பிரெஸ்ட் பக்கம் 1, லுவார் ஆற்றை ஒட்டிய சில பகுதிகளில் 4. எண்ணிக்கையை மனப்பாடம் செய்வதைவிட எதிரே இருப்பவரைத் தொடங்க விடுவது மேல். எந்தக் கன்னம் முதலில் என்பதற்கும் இதே வழிதான். பெரும்பாலும் வலக்கன்னம் முதலில் வரும். அதாவது இருவரும் அவரவர் இடப்பக்கம் தலையைச் சாய்க்க வேண்டும். புதிதாக வந்தவர் செய்யும் தவறு, தலையைச் சாய்க்காமல் நேராக முன்னால் போவது. எதிராளி பக்கம் மாற்றினால் உதடுகள் நடுவில் சந்தித்துவிடும். அரை நொடி நின்று அவர் தாடை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துவிட்டு அசைந்தால் இந்த விபத்து நடக்காது. இருவரும் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் ஒருவராவது கழற்றுவது நல்லது.

யாரோடு? அலுவலகத்தில் முதல் நாள் கைகுலுக்கல் மட்டும்: சுருக்கமாக, கண்ணைப் பார்த்து, 'போன்ழூர்' சொல்லி. வீட்டுச் சொந்தக்காரர், வங்கி ஊழியர், வாடிக்கையாளர் எல்லோருக்கும் இதுவே போதும். ஆணும் ஆணும் வேலையிடத்தில் கைதான் குலுக்குவார்கள். கன்னம் குடும்பத்துக்குள்ளும் நண்பர் வட்டத்துக்குள்ளும். ஆணும் பெண்ணும் என்றால் பெண் முன்வரும்வரை காத்திருங்கள். 2020 பிப்ரவரி இறுதியில் சுகாதார அமைச்சர் ஒலிவியே வெரான் கொரோனா காரணமாக இதைத் தவிர்க்கச் சொன்னார். அதன்பிறகு பல அலுவலகங்களில் இது திரும்பவே இல்லை, ஆகவே உங்களிடம் யாரும் கன்னம் நீட்டாவிட்டால் ஒதுக்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லியோனில் உடன் வேலை செய்பவர் சனிக்கிழமை இரவு 8 மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 8.10க்கு மணி அடிக்கிறீர்கள். கதவைத் திறந்தவரோடு 2. உள்ளே ஆறு பேர், அதில் நால்வரை முன்பின் தெரியாது. நம் வழக்கப்படி வாசலில் நின்றே எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நாற்காலி தேடினால், 'இவர் நம்மோடு சேர விரும்பவில்லை' என்று அர்த்தமாகும். ஒவ்வொருவராகப் போய்ப் பெயர் சொல்லி, அவர் கன்னம் நீட்டினால் கன்னம், கை நீட்டினால் கை. ஒருவரையும் விடக்கூடாது, விட்டவருக்கு அது நிச்சயம் உறைக்கும். கிளம்பும்போது இதே சுற்று மறுபடியும் உண்டு, ஆகவே கடைசி மெட்ரோவுக்குக் கால்மணி நேரம் முன்பே எழுந்திருங்கள். மாறாக, ஒரே நாளில் ஏற்கெனவே பார்த்தவரை மறுபடி பார்த்தால் புன்னகை போதும். இரண்டாம் முறை கன்னம் நீட்டினால், காலையில் பார்த்ததையே மறந்துவிட்டீர்கள் என்று நினைப்பார்.

அந்த நால்வரும் உங்களுக்கு நெருக்கமாகிவிட்டார்களா என்றால், இல்லை. நீங்கள் அந்த வட்டத்துக்குள் வந்திருக்கிறீர்கள் என்பதற்கு மேல் அந்தக் கன்னம் ஒன்றும் சொல்லவில்லை. கல்லூரி நாட்களில் நண்பர்களைக் கட்டிப்பிடித்துப் பழகியவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். கன்னம் கொடுத்தவரை நம் பழக்கத்தில் இறுக அணைத்தால் பிரெஞ்சுக்காரர் விறைத்துப் போவார். அவர்களுக்குக் கன்னம் சாதாரணம், மார்போடு அணைப்பதுதான் அந்தரங்கம். இந்த வரிசை நமக்குத் தலைகீழாகப் படும். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சங்கடம் தீர்ந்தது.

விருப்பமில்லையா? எதிராளி ஒரு கை தூரத்துக்கு வரும் முன்பே கையை முழுதாக நீட்டிச் சிரித்துவிடுங்கள். அவர் நெருங்கிய பிறகு பின்வாங்குவதுதான் புண்படுத்தும். ஜலதோஷம் என்று சொன்னாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை. பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் நம்மவர் கடைகளுக்குப் போகும்போது இந்தக் கவலை எதுவும் வேண்டாம், வணக்கமே ஓடும்.

நியூசிலாந்தில் தொடுவது இதைவிடக் கிட்டத்தில். ஆனால் அது சொல்லும் சேதி வேறு. பல்கலைக்கழகத்திலோ வேலையிடத்திலோ அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் முறைப்படி வரவேற்றால், உரைகளும் பாட்டும் முடிந்தபின் வந்தவர்கள் வரிசையாக நகர்ந்து, வரவேற்பவர் ஒவ்வொருவரோடும் 'ஹொங்கி' செய்வார்கள். வலக்கையைப் பிடித்து, தலையைச் சற்றுத் தாழ்த்தி, மூக்கையும் நெற்றியையும் அவருடையதோடு மெதுவாக அழுத்தி, ஒரு கணம் நின்று விலக வேண்டும். மூக்கை உரசக் கூடாது. இது பலரும் செய்யும் பிழை. ஒரு தடவையா இரண்டா என்பது குழுவுக்குக் குழு மாறும், இங்கும் அவரைப் பின்பற்றுங்கள். தானே என்ற தெய்வம் மண்ணால் செய்த முதல் பெண்ணின் மூக்கில் உயிர்மூச்சை ஊதியது என்பது அவர்கள் மரபு. அந்த மூச்சைப் பகிர்ந்துகொள்வதுதான் ஹொங்கி. அதனால் முற்றிலும் அறிமுகமில்லாதவரோடும் அது நடக்கிறது. நேற்றுவரை விருந்தாளி, இனி இந்த மண்ணின் மக்களோடு ஒருவர் என்று அது சொல்கிறது. சொந்த விருப்பு வெறுப்புக்கு அதில் இடமில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதோடு சடங்கு முடியும், பாதியில் நழுவாதீர்கள்.

வளைகுடாவில் அரபு ஆண்கள் மூக்கோடு மூக்கு தொட்டுக்கொள்வதைப் பார்ப்பீர்கள். அது அவர்களுக்குள், நாம் நகல் எடுக்க வேண்டியதில்லை. கைகுலுக்கல் போதும். பெண்கள் தாமாகக் கை நீட்டாவிட்டால் வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தால் சரி.

ஜப்பானில் தொடுதலே கிடையாது. இடுப்பிலிருந்து குனியும் கோணம்தான் பேசும்: வழியில் பார்த்தால் சுமார் 15 பாகை, வாடிக்கையாளருக்கும் மேலதிகாரிக்கும் 30, ஆழ்ந்த நன்றிக்கோ மன்னிப்புக்கோ 45. முதுகு நேராக இருக்கட்டும். முதலில் பேசிவிட்டுப் பிறகு குனியுங்கள். நம் பழக்கத்தில் கையும் சேர்ந்து கூப்பிக்கொள்ளும். அங்கே அது சாமி கும்பிடுவதற்கும் சாப்பாட்டுக்கு முன்னும், கெஞ்சும்போதும்தான்.

கைகூப்பு அப்படியே நம்முடையது போல இருக்கும் தாய்லாந்தில்தான் நம்மவர் தயங்காமல் சறுக்குகிறார்கள். அங்கே கையின் உயரத்துக்குக் கணக்கு உண்டு: துறவிக்குக் கட்டைவிரல் புருவ மத்தியில், பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மூக்கு நுனியில், மற்றப் பெரியவர்களுக்கு மோவாயில். இளையவர்தான் முதலில் கூப்ப வேண்டும். உணவகத்தில் பரிமாறுபவர் கூப்பினால், நாமும் கூப்பி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். புன்னகையோடு தலையசைத்தால் போதும்.