மாடிப்படியில் அறுந்த அழைப்பு: அண்டைப் பட்டியல் காலியாக இருந்தது

கீழ்தளத்தில் ஒன்று, மாடியில் ஒன்று என ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருளில் இயங்கும் இரண்டு வைஃபை அக்சஸ் பாயிண்ட்கள். பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு முறை எல்லாம் ஒன்றே. பக்கத்தில் உள்ள அக்சஸ் பாயிண்ட்கள் எவை என்று போனுக்குச் சொல்ல உதவும் `ieee80211k` அமைப்பு இரண்டிலும் இயக்கத்தில்தான் இருந்தது. ஆனாலும் வீடியோ அழைப்போடு படியேறினால் படம் உறைந்துவிடும்.

அமைப்பு சரி, உள்ளே என்னதான் இருக்கிறது என்று எஸ்எஸ்எச் வழியாகக் கேட்டேன்:

```
ubus call hostapd.phy1-ap0 rrm_nr_list
```

வந்தது காலிப் பட்டியல். போன் "பக்கத்தில் யார்?" என்று கேட்டால் பதில் சொல்ல வழி திறந்திருந்தது, சொல்லப் பெயர்தான் இல்லை. `ieee80211k` அமைப்பு பட்டியலைத் தானாக நிரப்பாது. அதனால் போன் எல்லாச் சேனலையும் தேடி அலைந்தது.

ஒவ்வொன்றிலும் `rrm_nr_get_own` கொடுத்தால் அதன் சொந்த விவரம் கிடைக்கும். அதை எடுத்து `rrm_nr_set` மூலம் மற்றதில் சேர்த்தேன். உறைவது கண்கூடாகக் குறைந்தது. ஆனால் ரௌட்டரை மறுதொடக்கம் செய்ததும் பட்டியல் மறுபடி காலி! அப்புறம் இரண்டிலும் `usteer` என்ற மென்பொருளை நிறுவினேன். அவை உள் நெட்வொர்க் வழியே பேசிக்கொண்டு பட்டியலைத் தாமே நிரப்புகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் இடைமுகங்கள் இரண்டையும் தனித்தனியே சரிபாருங்கள்.

எப்போது மாறுவது என்பது இன்னும் போனின் முடிவுதான். கீழ்தள சிக்னலை விடாமல் பிடித்திருந்த ஒரு பழைய போனுக்காக அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் ஒளிபரப்புத் திறனைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது.