நடந்தும் கொலஸ்ட்ரோல் குறையவில்லையா? எந்த வரியைப் பார்க்கிறீர்கள்?

வெள்ளவத்தையில் இருக்கும் என் மாமா நாலு மாதம் மரைன் டிரைவில் நடந்தார். பிறகு ரிப்போர்ட்டை நீட்டி, "கெட்ட கொலஸ்ட்ரோல் ஒன்று கூடியல்லோ இருக்கு! இனி நடக்க மாட்டன்" என்றார்.

முதல் ரிப்போர்ட்டில் மொத்தம் 240, நல்ல கொலஸ்ட்ரோலான எச்.டி.எல். 36, இரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைட் 260, கெட்ட கொலஸ்ட்ரோலான எல்.டி.எல். 152. இப்போது மொத்தம் 228, எச்.டி.எல். 39, ட்ரைகிளிசரைட் 180, எல்.டி.எல். 153. மாமா கடைசி வரியை மட்டும் பார்த்திருக்கிறார். பலரும் செய்யும் முதல் தவறு இதுதான்.

நடை முதலில் தொடுவது ட்ரைகிளிசரைட்டை. தசைக்குப் போகும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் ஒரு நொதி இருக்கிறது. உடற்பயிற்சி செய்தால் அது சுறுசுறுப்பாகி, இரத்தத்தில் மிதக்கும் கொழுப்பை உடைத்துத் தசைக்குக் கொடுக்கும். அப்படி உடையும்போது மிஞ்சும் துண்டுகளில் ஒரு பகுதி எச்.டி.எல்.லோடு சேர்கிறது. எல்.டி.எல்.லைப் பெரும்பாலும் இரத்தத்திலிருந்து எடுப்பது ஈரல். எடை குறையாமல் வெறும் நடையால் அது அதிகம் அசையாது.

இன்னொன்று, பல இடங்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் ட்ரைகிளிசரைட்டில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கிறார்கள். முன்பு கழித்தது 36, 52. இப்போது 39, 36. ட்ரைகிளிசரைட் இறங்கியதால் கழிபடும் தொகையும் சுருங்கிவிட்டது. அதனால்தான் மொத்தம் 12 குறைந்தும் எல்.டி.எல். அப்படியே நிற்கிறது.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்து: "நான்தான் நடக்கிறேனே" என்று கொலஸ்ட்ரோலைக் குறைக்க டொக்டர் தந்த ஸ்டேட்டின் மாத்திரையை நிறுத்துவது. அந்த மாத்திரை ஈரலில் செய்யும் வேலையை நடை செய்யாது.

எச்.டி.எல். 3 கூடியதைச் சின்னது என்று நினைக்க வேண்டாம், சராசரியாக எதிர்பார்க்கக்கூடியதே 2, 3 மில்லிகிராம்தான். அதற்கும் வாரத்துக்கு 120 நிமிடமாவது வேண்டும். வேகத்தைவிட ஒரே தடவையில் எவ்வளவு நேரம் நடக்கிறோம் என்பதே அதிகம் பேசுகிறது. பத்துப் பத்து நிமிடமாக நடப்பவர்கள் அதை அரை மணியாக்கிப் பார்க்கலாம்.

ஞாயிறு மட்டும் காலிமுகத்திடலில் இரண்டு மணி நேரம் நடப்பதும் சரிவராது. ட்ரைகிளிசரைட் இறங்கியது இரண்டு மூன்று நாளில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். நடந்து முடித்ததும் சீனி போட்ட ஜூஸ் குடித்தால் கேட்கவே வேண்டாம்.

கடைசியாக, மாமாவிடம் ஒன்று கேட்டேன்: "இரத்தம் குடுத்ததுக்கு முதல் நாள் நடந்தனீங்களா?" நடந்தாராம், ஒரு மணி நேரம். முதல் பரிசோதனையோ நடக்கவே தொடங்காத காலத்தில் எடுத்தது. ஆகவே அந்த 80 இறக்கத்தில் எவ்வளவு நாலு மாதத்துடையது, எவ்வளவு முதல் நாள் மாலையுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த முறை இரண்டு நாள் நடை இடைவெளி விட்டு, 12 மணி நேரம் சாப்பிடாமல் போகச் சொல்லியிருக்கிறேன்.