ஓப்பன் ரிட்டர்ன் விமான டிக்கெட்: திரும்பி வரக் கடைசி நாள் எது?

மகளின் பிரசவத்துக்காக டொரன்டோ போகும் அம்மாவுக்கு டிக்கெட் எடுக்கிறீர்கள். போகும் தேதி தெரியும். திரும்பும் தேதி தெரியாது, ஏனென்றால் அது குழந்தையைப் பொறுத்தது, மகளின் உடம்பைப் பொறுத்தது, அம்மாவின் மனதையும் பொறுத்தது. அப்போது டிராவல் ஏஜென்ட், "ரிட்டர்னை ஓப்பனாக வைத்துக்கொள்ளலாம், ஒரு வருஷம் வேலிடிட்டி இருக்கு" என்பார். அந்த ஒரு வருஷம் பாதி உண்மைதான். உங்கள் டிக்கெட்டுக்கு அது பொருந்துமா, எந்த நாளில் இருந்து எண்ணுவது, கடைசி நாளில் எது நடந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் இந்த அம்மாவின் டிக்கெட்டை வைத்தே பார்ப்போம்.

கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். டிக்கெட் எடுத்த நாள் 10 ஜனவரி 2026. சென்னையில் இருந்து புறப்படும் நாள் 15 மார்ச் 2026. கட்டண விதியில் ஆறு மாதம் வரை தங்கலாம் என்று இருக்கிறது.

படி 1: உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

ஓப்பன் ரிட்டர்ன் என்ற பேரில் இரண்டு வகை புழக்கத்தில் இருக்கிறது. ஒன்றில் திரும்பும் பயணத்துக்குத் தேதியே இருக்காது. டிக்கெட்டில் தேதி வர வேண்டிய இடத்தில் OPEN என்று இருக்கும். இன்னொன்றில் ஏதோ ஒரு தேதி போட்டு சீட்டும் பதிவாகியிருக்கும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற விதியோடு. இப்போது சாதாரணமாகக் கிடைப்பது இரண்டாவது வகைதான். பேச்சு வழக்கில் அதையும் ஓப்பன் டிக்கெட் என்றே சொல்லிவிடுகிறார்கள்.

இந்த வேறுபாடு முக்கியம். முதல் வகையில் நீங்கள் சும்மா இருந்தாலும் கடைசித் தேதி வரை ஒன்றும் ஆகாது. இரண்டாவது வகையில், போட்டிருக்கும் தேதியில் விமானம் கிளம்புவதற்கு முன்பே நீங்கள் மாற்றியாக வேண்டும். மாற்றாமலும் போகாமலும் இருந்துவிட்டால் நோ-ஷோ ஆகிவிடும். கட்டண விதியைப் பொறுத்து அபராதம் கட்ட வேண்டியிருக்கும், அல்லது திரும்பும் பயணத்துக்கான பணமே போய்விடும். அதனால் இரண்டாவது வகை எடுத்தவர்கள் அந்தத் தற்காலிகத் தேதியைக் காலண்டரில் குறித்து, அதற்கு ஒரு வாரம் முன்னதாகவும் ஒரு நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: இரண்டு கெடுவையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்

குழப்பம் எல்லாம் இங்கேதான். ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு கெடு உண்டு.

முதலாவது, டிக்கெட்டின் ஆயுள். பொதுவான விதிப்படி, பயணமே தொடங்காத டிக்கெட் எடுத்த நாளில் இருந்து ஒரு வருஷம் செல்லும். அந்த வருஷத்துக்குள் முதல் பயணம் தொடங்கிவிட்டால், தொடங்கிய நாளில் இருந்து மீண்டும் ஒரு வருஷம் என்று கணக்கு மாறும். நம் அம்மாவின் டிக்கெட்டில், அவர் புறப்படும் வரை கெடு 10 ஜனவரி 2027. மார்ச் 15 அன்று விமானம் ஏறியதும் அது 15 மார்ச் 2027 ஆகிவிடுகிறது. ஏஜென்ட் சொன்ன ஒரு வருஷம் இதுதான்.

இரண்டாவது, கட்டண விதியில் இருக்கும் தங்கல் கெடு. இதை மேக்சிமம் ஸ்டே என்பார்கள். குறைந்த விலை டிக்கெட்டுகளில் இது ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று இருக்கும். விலை ஏற ஏற ஒரு வருஷம் வரை போகும். இது டிக்கெட் எடுத்த நாளில் இருந்து எண்ணப்படாது. முதல் பயணம் புறப்பட்ட நாளில் இருந்து எண்ண வேண்டும். அம்மாவுக்கு ஆறு மாதம் என்றால் 15 செப்டம்பர் 2026.

இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுதான் செல்லும். ஆக, அம்மா திரும்பக் கடைசி நாள் 15 செப்டம்பர் 2026. மார்ச் 2027 வரை நேரம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு அக்டோபரில் போன் செய்தால், புதிதாக ஒரு டிக்கெட்டே வாங்க வேண்டிய நிலை வரலாம்.

எண்ணும்போது மாதக் கணக்கையும் நாள் கணக்கையும் கலக்காதீர்கள். மாதக் கணக்கில் அதே தேதி மறுபடி வரும். மார்ச் 15 புறப்பட்டால் ஆறாவது மாதம் செப்டம்பர் 15. அந்தத் தேதியே இல்லாத மாதமாக இருந்தால் மாதக் கடைசி. ஆகஸ்ட் 31 புறப்பட்டால் ஆறு மாதம் முடிவது பிப்ரவரி 28 அன்று, லீப் வருஷமாக இருந்தால் 29 அன்று. நாள் கணக்கில் புறப்பட்ட நாளைச் சேர்க்கக் கூடாது, மறுநாள்தான் ஒன்று. விதியில் ஆறு மாதத்துக்குப் பதிலாக 180 நாள் என்று இருந்திருந்தால், அம்மாவின் கெடு செப்டம்பர் 11 அன்றே முடிந்திருக்கும். நான்கு நாள் போய்விடுகிறது பாருங்கள்.

படி 3: டிக்கெட்டில் NVA என்ற இடத்தைத் தேடுங்கள்

உங்கள் கணக்கு சரியா என்று டிக்கெட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். மின்னஞ்சலில் வரும் இ-டிக்கெட் ரசீதை எடுங்கள். வெறும் பயண விவரம் போதாது, 13 இலக்க டிக்கெட் எண் இருக்கும் ரசீதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு விமானத்துக்கும் எதிரே NVB, NVA என்று இரண்டு இடங்கள் பெரும்பாலான ரசீதுகளில் இருக்கும். NVB-யில் உள்ள தேதிக்கு முன்னால் அந்தப் பயணத்தைச் செய்ய முடியாது. குறைந்தது இத்தனை நாள் தங்க வேண்டும் என்ற விதி இருந்தால் அது இங்கே தெரியும். NVA-யில் உள்ள தேதிக்குப் பிறகு அந்தப் பயணம் செல்லாது. நமக்கு வேண்டியது திரும்பும் விமானத்துக்கு எதிரே உள்ள NVA. அம்மாவின் டிக்கெட்டில் அங்கே `15SEP` என்று இருக்க வேண்டும்.

அந்த இடம் காலியாக இருந்தாலோ, உங்கள் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டாலோ, ஏஜென்டிடம் கட்டண விதியை எழுத்தில் கேளுங்கள். "மேக்சிமம் ஸ்டே எவ்வளவு, எந்த நாளில் இருந்து?" என்று இதே சொற்களில் கேட்டால் சுற்றிவளைக்காமல் பதில் வரும். பணம் கட்டுவதற்கு முன்பே கேட்பது இன்னும் நல்லது. அப்போது மூன்று மாத விதியில் இருந்து ஆறு மாதத்துக்கு மாற, கட்டண வித்தியாசத்தைக் கொடுத்தால் போதும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. சில திரைகளில் திரும்பும் பயணத்துக்கு எதிரே `OPEN FOR USE` என்று வரும். அந்தப் பயணம் இன்னும் பயன்படுத்தப்படவில்லை என்ற நிலையை மட்டும்தான் அது காட்டுகிறது. தேதியை இஷ்டப்படி மாற்றலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 4: கடைசி நாளில் எது நடந்திருக்க வேண்டும்?

செப்டம்பர் 15 கெடு என்றால், அன்று போன் செய்து பதிவு செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. வழக்கமான விதிப்படி அன்று நள்ளிரவுக்குள் திரும்பும் பயணமே தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கே வீடு வந்து சேர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அம்மா செப்டம்பர் 15 இரவு டொரன்டோவில் விமானம் ஏறி, நடுவில் இன்னொரு விமானம் மாறி, 17 அன்று சென்னையில் இறங்கினாலும் டிக்கெட் செல்லும். மாறும் ஊரில் இரண்டு நாள் தங்கிவிட்டு வர நினைத்தால் கதை வேறு. அப்போது தங்கிய ஊரில் இருந்து கிளம்புவதும் கெடுவுக்குள் வர வேண்டியிருக்கும்.

விசாவின் கணக்கு இதோடு சேராது. கனடாவுக்குள் பார்வையாளராக நுழைபவர், அதிகாரி வேறு தேதி எதுவும் குறிக்காவிட்டால், பொதுவாக நுழைந்த நாளில் இருந்து ஆறு மாதம் தங்கலாம். டிக்கெட் சென்னையில் புறப்பட்ட நாளில் இருந்து எண்ணுகிறது, கனடா தன் மண்ணில் நுழைந்த நாளில் இருந்து எண்ணுகிறது. அதிகாரி பாஸ்போர்ட்டில் மூன்று மாதம் என்று எழுதிவிட்டால், டிக்கெட்டில் ஆறு மாதம் இருந்தாலும் பயனில்லை. பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் கனடா தரும் சூப்பர் விசாவில் போகிறவர்களுக்கு நேர்மாறு. அவர்கள் நீண்ட காலம் தங்கலாம், ஆனால் டிக்கெட்டின் கெடு முன்னாலேயே முடிந்துவிடும்.

படி 5: தேதி முடிவானதும் சீட்டைப் பிடியுங்கள்

வேலிடிட்டி இருக்கிறது என்பதால் சீட்டும் இருக்கும் என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு டிக்கெட்டும் ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும் ஒரு கட்டண வகுப்பில் எடுக்கப்படுகிறது. எகானமியிலேயே பத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் இருக்கலாம். நீங்கள் கேட்கும் விமானத்தில் அதே எழுத்தில் இடம் இருந்தால் கூடுதல் கட்டணம் வராது. இல்லாவிட்டால் அடுத்த எழுத்துக்குப் போய் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். தேதி மாற்றும் கட்டணம் இருந்தால் அது தனி. ஆகஸ்ட் கடைசியிலும் டிசம்பரிலும் குறைந்த விலை எழுத்துகள் சீக்கிரமே தீர்ந்துவிடும். அம்மாவின் கெடு செப்டம்பர் நடுவில் வருவதால், ஜூலையிலேயே தேதியைப் பேசி முடிப்பது நல்லது.

பேசும்போது டிக்கெட் எண்ணைக் கையில் வைத்திருங்கள். முதல் பயணம் முடிந்து, அடுத்ததற்குத் தேதியே இல்லாத டிக்கெட்டுகளில், பழைய பி.என்.ஆர். சில நாளில் கணினியில் இருந்து நீங்கிவிடலாம். பி.என்.ஆர். வரவில்லை என்று சொன்னால் பதற வேண்டாம். டிக்கெட்டின் பதிவு தனியாக இருக்கிறது, 13 இலக்க எண்ணைக் கொடுத்தால் எடுத்துவிடுவார்கள்.

அப்புறம், அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. தேதி மாறிவிட்டது என்று போனில் சொன்னதும் வேலை முடிந்துவிடாது. பதிவு வேறு, டிக்கெட் வேறு. பதிவில் புதிய தேதி வந்த பிறகு, டிக்கெட்டையும் அந்தத் தேதிக்குப் புதுப்பிக்கவோ மறுபடி வழங்கவோ வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால், கவுன்டரில் பேர் இருக்கும், போர்டிங் பாஸ் வராது. அதனால் புதிய தேதி போட்ட இ-டிக்கெட் ரசீது மின்னஞ்சலில் வரும் வரை விடாதீர்கள். டிக்கெட் மறுபடி வழங்கப்பட்டிருந்தால் 13 இலக்க எண்ணும் மாறியிருக்கும், அந்த ரசீதை அம்மாவின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

படி 6: கெடுவுக்குள் வர முடியாமல் போனால்

பயணத்தைத் தொடங்கிய பிறகு பயணி நோயில் விழுந்து, மருத்துவர் பறக்க வேண்டாம் என்று சொன்னால், கெடுவை நீட்டிப்பதற்குப் பல விமான நிறுவனங்களின் நிபந்தனைகளில் இடம் இருக்கிறது. பயணத்துக்குத் தகுதியாகும் நாள் குறிப்பிட்ட மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். நெருங்கிய குடும்பத்தில் இறப்பு நேர்ந்தாலும், இறப்புச் சான்றிதழோடு சலுகை கேட்கலாம். இவை தாமாக நடக்காது. கெடு முடிவதற்கு முன்பே, சான்றிதழை இணைத்து எழுத்தில் கேளுங்கள், வரும் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

பேரப்பிள்ளையோடு இன்னும் ஒரு மாதம் இருக்க வேண்டும் என்பதற்கு நீட்டிப்பு கிடைக்காது. ஆனால் கூடுதல் கட்டணம் கட்டி, நீண்ட தங்கல் விதி உள்ள கட்டணத்துக்கு டிக்கெட்டை மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். சில கட்டணங்களில் முதல் பயணம் முடிந்த பிறகும் அது முடியும், சிலவற்றில் முடியாது. கேட்கும்போது NVA தேதி தாண்டியிருக்கக் கூடாது.